கடற்காற்றும் இன்சுலின் சீசாவும்

அந்தமான் தீவுகளில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் பலர் உளர். இத்தீவுகளுக்குத் தாய்நாட்டு மின்தொடரோடு இணைப்புக் கிடையாது. பெரும்பாலும் டீசல் எந்திரங்களே இங்கே மின்சாரம் தருகின்றன. புயலடிக்கும் நாட்களில் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுவிடுவதுண்டு. அதே நாட்களில் கப்பலும் நின்றுவிடும். 2016 டிசம்பரில், இன்று ஸ்வராஜ் தீவு என வழங்கும் ஹேவ்லாக்கில், பயணிகள் பலர் கப்பலின்றிச் சில நாட்கள் தங்க நேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய நாளில் குளிர்பதனப் பெட்டி ஓய்ந்துவிட்டால், அதனுள் இருக்கும் இன்சுலின் என்ன ஆகும், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மதுரையிலோ வேலூரிலோ உள்ள உறவினரைக் கேட்டால், "மண்பானையில் ஈரமணல் இட்டு, அதன் நடுவே சீசாவை வைத்துவிடு" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது நல்ல யோசனைதான். பானையின் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உடன் கொண்டுபோகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாக நீர் ஆவியாகும். 40 டிகிரி சென்டிகிரேட் வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஈரப்பானை ஏறக்குறைய 25 டிகிரி வரை குளிரக்கூடும். டெல்லி, நாகபுரி போன்ற இடங்களில் கோடையைக் கழிக்கும் தமிழர்களும் இம்முறையை நம்பிக் கைக்கொள்ளலாம்.

ஆனால் போர்ட் பிளேயரில், அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரில், நிலைமை வேறு. 31 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், எத்தனை நல்ல பானையாயினும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால், பானையின் நீரை அது ஏற்க மறுக்கிறது. ஆகவே இங்கே பானையால் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியே. மும்பை, விசாகப்பட்டினம் முதலிய கடற்கரை நகரங்களிலும் மழைக்காலத்தில் இதே கதைதான்.

அப்படியானால் தீவுவாசி அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. பானையைப் பயனற்றதாக்கும் அதே கடற்காற்று, வெயிலை 40 டிகிரிக்கு ஏறவிடாமலும் தடுக்கிறது. நிழலிலே இங்கே வெப்பம் பெரும்பாலும் 33 டிகிரியைத் தாண்டுவதில்லை. இன்சுலினோ, நாம் நினைப்பதுபோல் சிறிது வெப்பம் பட்டவுடனே கெட்டுவிடும் பொருளன்று. திறக்காத சீசாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதும், திறந்ததை அறையில் வைத்து 4 வாரத்திற்குள் முடிக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. 2023-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, திறக்காத மனித இன்சுலின் 25 டிகிரியில் 6 மாதமும், 37 டிகிரியில் 2 மாதமும் குறிப்பிடத்தக்க வீரியக் குறைவின்றி இருக்கும் என்று கண்டது. புதுவகை இன்சுலின்களுக்கு இக்கணக்கைப் பொருத்தலாகாது; அவற்றுக்கு மருந்துடன் வரும் தாளில் கண்ட அளவே பிரமாணம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரங்கத்தில் வசிக்கும் ஓர் அம்மையார் காலையில் 20 யூனிட், இரவில் 10 யூனிட், ஆக நாளொன்றுக்கு 30 யூனிட் மனித இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வீதம் 10 மில்லிலிட்டர் சீசாவில் 400 யூனிட் இருக்கும். அது 13 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே திறந்த சீசாவுக்குக் குளிர்பதனப் பெட்டியே தேவையில்லை. கையிருப்பில் திறக்காத சீசா மூன்று இருந்தால் ஏறத்தாழ 40 நாளுக்குப் போதும். மின்சாரம் மூன்று நாள் நின்று, அம்மூன்றும் 31 டிகிரியில் இருந்தாலும் அவை கெடா. மின்சாரம் வந்ததும் திரும்பப் பெட்டியில் வைத்து, வெளியே இருந்த நாட்களை அட்டையில் குறித்துக்கொண்டு, அவற்றையே முதலில் பயன்படுத்திவிடலாம்.

உண்மையான ஆபத்துகள் வேறு இரண்டு. முதலாவது, தகரக் கூரையும் வெயிலும். நண்பகலில் தகரத்தின் கீழ் உள்ள பரணோ அலமாரியின் மேல்தட்டோ வெளிக்காற்றைவிட மிகவும் சூடேறும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதனினும் கொடிய வெப்பம். ஆகவே ஒரு சிறு வெப்பமானி வாங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டின் எந்த மூலை குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெயில் படாத சுவரை ஒட்டிய தரைப்பகுதியாகவே இருக்கும். சீசாவின் இடம் அதுவே.

இரண்டாவது ஆபத்து, விந்தையாகத் தோன்றினும், பனிக்கட்டிதான். மின்சாரம் நின்றதும் பதறி, உறைபெட்டியிலிருந்து எடுத்த கட்டிகளின் நடுவே சீசாவைப் புதைப்பவர் உண்டு. அக்கட்டி பூஜ்யத்திற்கு வெகு கீழே குளிர்ந்திருக்கும். அது இன்சுலினை உறையச் செய்துவிடும். உறைந்த இன்சுலின் உருகிய பின்பு தெளிவாகவே தோன்றினும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். பனி வைத்தே தீர வேண்டுமாயின், தடுப்பூசி ஊழியர் செய்வதுபோல் செய்யுங்கள். நீர் நிரப்பி உறைய வைத்த புட்டியை வெளியே வைத்திருந்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும் வரை காத்திருங்கள். பிறகு அதை அகன்ற வாய்ப் பிளாஸ்கில் இட்டு, சீசாவைத் தடித்த துணியில் சுற்றி, புட்டியில் படாமல் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி ஓடும் நாட்களிலும், சீசாவை உறைபெட்டிக்கு அருகிலோ பின்சுவரை ஒட்டியோ வைக்கலாகாது.

கெட்டதை எப்படி அறிவது? தெளிந்த இன்சுலின் கலங்கினாலும், நூல்போல இழை தெரிந்தாலும், நிறம் மாறினாலும் கெட்டது. பால்போன்ற வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிய பின்பும் கட்டிகள் மிதந்தாலும், சீசாவின் உட்சுவரில் பனிபடர்ந்தாற்போல் துகள் ஒட்டினாலும் அதுவும் கெட்டதே. எனினும் வீரியம் குறைவதைக் கண்ணால் எப்போதும் காண முடியாது. உணவும் அளவும் மாறாதிருக்க, காய்ச்சல் முதலிய வேறு காரணமுமின்றி இரத்தச் சர்க்கரை இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஏறினால், புதிய சீசாவைத் திறந்து பார்க்க வேண்டும். வைத்தியரிடமும் சொல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. சீசா சற்றுச் சூடுபட்டதென்னும் ஐயத்தால் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். மாற்றுச் சீசா கிடைக்கும் வரை, பார்வைக்கு மாற்றமில்லாத அந்த இன்சுலினையே போட்டுக்கொண்டு, சர்க்கரையை அடிக்கடி சோதித்து வருவது மேல். குறைந்த வீரியமுள்ள மருந்து ஓரளவேனும் காக்கும். மருந்தே இல்லாமை, சிறு வயதில் தொடங்கும் நீரிழிவுடையோரை ஓரிரு நாளிலேயே உயிராபத்தில் தள்ளிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மயக்கம் ஆகியவை கண்டால், புயல் ஓயட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.