ஓகஸ்டா, ஜனவரியா?

(உயர்தர, பல்கலைக்கழக மாணவியருக்கான வழிகாட்டல் அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் முதுமாணிப் படிப்புக்கு அனுமதி கிடைத்தும், விசா நேர்முகம் பிந்திவிட்டதால் ஓகஸ்டில் போக முடியாதவர்கள் உங்களுள் இருப்பீர்கள். பல்கலைக்கழகம் "ஜனவரியில் வாருங்கள்" என்று எழுதும். அங்கே ஓகஸ்டில் தொடங்குவது இலையுதிர்கால அனுமதி. ஜனவரிக்கு வசந்தகாலம் என்று பெயர், ஆனால் நீங்கள் இறங்குவது பனிக்குள்.

ஐந்து மாதம்தானே பிந்துகிறது என்று வீட்டில் சொல்வார்கள். கணினி விஞ்ஞானத்தில் மூன்று தவணைக் கற்கைநெறி ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓகஸ்டில் தொடங்குபவள் மே மாதத்தில் இரண்டு தவணைகளை முடித்து, கோடை விடுமுறையில் நிறுவனமொன்றில் சம்பளத்துடன் உள்ளகப் பயிற்சி பெற்று, டிசெம்பரில் பட்டம் பெறுவாள். ஜனவரியில் தொடங்குபவளுக்குக் கோடை வரும்போது ஒரு தவணையே முடிந்திருக்கும். மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே இத்தகைய பயிற்சிக்குப் போக, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில கற்கைநெறிகள் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே அந்தக் கோடை கைநழுவும். அடுத்த கோடை வருமுன் மே மாதத்தில் படிப்பே முடிந்துவிடும். பயிற்சி அனுபவம் இல்லாமலே வேலை தேட வேண்டும்.

நான்கு தவணைப் படிப்பென்றால் கதை வேறு. இரண்டாவது கோடை அவளுக்குக் கிடைக்கும். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆட்களைச் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே தேடத் தொடங்குவதால், ஓகஸ்டில் போனவள் பெட்டியைப் பிரித்த கையோடு சுயவிபரக்கோவையுடன் ஓட, ஜனவரிக்காரி எட்டு மாதம் ஆயத்தமாகலாம்.

பணம் இதைவிடப் பெரிய விடயம். கற்பித்தல் உதவியாளர் இடங்களைத் துறைகள் பெரும்பாலும் ஓகஸ்டில் தொடங்கும் கல்வியாண்டுக்கே பங்கிடும், ஜனவரியில் மிஞ்சியதுதான். அனுமதியைப் பிற்போட்டால் புலமைப்பரிசிலும் கூடவே வரும் என்று எண்ணாதீர்கள். இரண்டையும் தனித்தனியே கேட்டு எழுத்தில் பெறுங்கள். உதவித்தொகை இல்லாமல் போகவே முடியாது என்றால், என் கருத்தில், அடுத்த ஓகஸ்டுக்குக் காத்திருப்பதே நல்லது.

வீட்டு ஒப்பந்தங்கள் பல்கலைக்கழக நகரங்களில் அநேகமாக ஓகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு. ஜனவரியில் போவோர், டிசெம்பரில் பட்டம் பெற்று வெளியேறுபவரின் அறையை மீதி மாதங்களுக்கு எடுக்கலாம். சில வேளை கட்டிலும் மேசையும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதமின்றிப் பணம் அனுப்பாதீர்கள்.

படிப்புத் தொடங்கும் திகதிக்கு 30 நாள் முன்னரே நாட்டுக்குள் போகலாம். ஜனவரிக்காரருக்கு அந்த நாட்களில் நத்தார் விடுமுறை வரும். பல விடுதிகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். பஃபலோ போன்ற நகரில் மாலை ஐந்து மணியளவில் இருட்டிவிடும், குளிர் பூச்சியத்துக்குக் கீழே. தடித்த மேலங்கியைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் கொண்டுபோங்கள். பனிச் சப்பாத்தை அங்கேயே வாங்குங்கள். இங்கு விற்பவை அந்தப் பனிக்கு ஆகாது.