சொன்னதைச் சொல்லும் கலை

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லும்போது, முடிவில் நாம் எந்த வினைச்சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒரு வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. சித்தப்பா வருவாரா என்று கேட்டுவர அம்மா மகனை அனுப்புகிறார். "அன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட் இருக்குப்பா. லீவு கிடைச்சா வர்றேன், பார்க்கலாம்" என்கிறார் சித்தப்பா. மகன் வீட்டுக்கு வந்து என்ன சொல்வான்?

"வரமாட்டாராம்" என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். சித்தப்பா அப்படிச் சொல்லவே இல்லை. லீவு கிடைத்தால் என்ற நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அந்த 'ஆம்' வேறு, 'இது என் பேச்சு இல்லை, அவர் பேச்சு' என்று மகனின் யூகத்தைச் சித்தப்பாவின் தலையில் கட்டிவிடுகிறது. "ஆடிட்டாம்!" என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால், அவர் சொன்ன காரணமே பொய் என்ற தொனி வந்துவிடும். எழுத்தில் தெரியாத இந்த இழுப்பு, வாய்ப்பேச்சில் முழு வாக்கியத்துக்குச் சமம்.

"ஆடிட்டுன்னு சொல்லித் தட்டிக்கழிக்கிறார்" என்றும் சொல்லலாம். இதில் சித்தப்பாவின் சொல் இருக்கிறது; ஆனால் வினைச்சொல் தீர்ப்பு எழுதிவிட்டது. மழுப்பினார், சாதித்தார், புலம்பினார் எல்லாம் இந்த வகைதான். அவை பேச்சை மட்டும் தெரிவிப்பதில்லை. பேசியவரின் மனதுக்குள் புகுந்து பார்த்ததாகவும் சொல்லிக்கொள்கின்றன. 'சொன்னார்', 'கேட்டார்' என்பவற்றுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அதனால்தான் அவற்றை நம்பலாம்.

'நான்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. "சித்தப்பா நான் மண்டபத்துக்குப் பணம் கட்டுறேன்னு சொன்னார்" என்று மகன் சொன்னால், கட்டப்போவது யார்? சித்தப்பாவா, மகனா? தமிழில் இரண்டு பொருளும் வரும். "தானே கட்டுவதாகச் சொன்னார்" என்றால் குழப்பமில்லை.

கேள்வியையும் சேர்த்துச் சொல்வது நியாயம். "நீங்க வராட்டி அம்மா பேசவே மாட்டாங்க" என்று மகன் நெருக்கியபின் வந்த "பார்க்கலாம்" வேறு. தானாக வந்த "பார்க்கலாம்" வேறு. நெருக்கியதை மறைத்தால், பதில் அவர் தானாகவே சொன்னதுபோல ஒலிக்கும்.

அப்படியானால் மகன் எப்படிச் சொல்லலாம்? "வருவீங்களான்னு கேட்டேன். ஆடிட் இருக்கு, லீவு கிடைச்சா வர்றேன், பார்க்கலாம்னு சொன்னார்." இவ்வளவுதான். சித்தப்பாவின் முகத்தையும் குரலையும் நேரில் கண்டவன் அவன். அவனுக்கென்று ஒரு கருத்து இருக்கும். அதையும் அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் ஒரு மூச்சு விட்டு, தனி வாக்கியமாக, "எனக்கென்னவோ வரமாட்டார்னுதான் தோணுதும்மா" என்று தன் பெயரிலேயே சொல்ல வேண்டும். அப்போது அந்த யூகம் தவறிப்போனாலும், பொய்த்தது மகனின் கணிப்பு. சித்தப்பாவின் வாக்கு அல்ல.