ஃபால்ஸ் துணியை நனைத்துத் தையுங்கள்

(அறக்கட்டளையின் தையல் வகுப்பில் சகோதரிகளிடையே ஆற்றிய உரை)



சகோதரிகளே, பெருநாள் நெருங்குகிறது. ஃபால்ஸ் வைக்கவும் பீகோ அடிக்கவும் சேலைகள் வரத் தொடங்கிவிட்டன. வேலையைக் கையில் எடுக்கும் முன், நம்மிடம் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தாயார், இளம்பிள்ளையில் எடுத்த பருத்திச் சேலை ஒன்றைப் பெருநாளுக்காக நம்மிடம் கொடுத்தார்கள். அவசரத்தில் கடை ஃபால்ஸை அப்படியே வைத்துத் தைத்தோம். இஸ்திரி போட்டபோது கரை அழகாகத்தான் இருந்தது. பெருநாள் காலையில் பனி நனைத்த புல்லில் நடந்து வந்தார்கள். மாலையில் கரை சுருங்கிச் சுருங்கி, கொசுவம் விரியாமல் உள்பக்கம் மடங்கி நின்றது. துவைக்கவே இல்லை, ஓரம் நனைந்ததுதான். நம்மை நம்பிக் கொடுத்த அமானத் அது. மிகவும் வெட்கப்பட்டோம்.

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சுமார் இரண்டரை மீட்டர் இருந்த ஃபால்ஸ் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. பருத்தி முதல் முறை நனையும்போது சுருங்கும். சேலை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. குறுகிய துணி நீண்ட துணியை இழுத்தால் கரை சுருங்காமல் என்ன செய்யும்? கீழே சேலத்திலாவது முதல் துவைப்பு வரை இது மறைந்திருக்கும். நம் ஏற்காட்டில் பனியும் சாரலும் முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே முதல் வேலை, பருத்தி ஃபால்ஸை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது. நீரில் சாயம் இறங்கினால் தெளியும்வரை நீரை மாற்றுங்கள். பிறகு ஈரமான ஃபால்ஸை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால் அந்த ஃபால்ஸ் வேண்டாம், வெளிர்நிறச் சேலையைப் பாழாக்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். மூடுபனி நாட்களில் மேலே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் மடிப்புக்குள் ஈரம் இருக்கும். முழுதும் காய்ந்த பிறகு இஸ்திரி போட்டுத்தான் தைக்க வேண்டும். பாலியஸ்டர் ஃபால்ஸ் இப்படிச் சுருங்காது, ஆனால் அதைச் சிந்தெடிக் சேலைக்கு வைப்பதே பொருத்தம்.

அடுத்து, ஜாக்கெட் துணி சேலையோடு சேர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். ஒரு நூலை உருவி, அந்தத் தடத்திலேயே வெட்டினால் ஓரம் கோணாது. வெட்டிய முனைக்கும் முந்தானை முனைக்கும் பீகோ அடியுங்கள். முந்தானையில் குஞ்சம் கட்டுவதாக இருந்தால் அந்த முனைக்கு பீகோ வேண்டாம். மெல்லிய துணியில் மெஷின் நூல் இறுக்கமாக இருந்தால் ஓரம் சுருண்டுவிடும். ஆகவே ஜாக்கெட் துணியின் ஓரத்தில் ஒரு விரல் நீளம் அடித்துப் பார்த்த பிறகே சேலைக்குப் போங்கள்.

ஃபால்ஸ் எங்கே தொடங்குவது? இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒரு சாண் விட்டுத் தொடங்குவது வழக்கம். ஆனால் உடல் பருமனானவர்களுக்குக் கொசுவம் தள்ளித்தான் வரும். உடுத்துபவரையே ஒரு முறை உடுத்தச் சொல்லி, கடைசிக் கொசுவம் எங்கே முடிகிறதோ அங்கே ஊசி குத்திக் கொள்ளுங்கள். ஃபால்ஸ் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். எந்தக் கரை கீழே வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தைக்கும்போது சேலையை மேசையில் உள்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். ஃபால்ஸின் கீழ் ஓரம் கரையின் ஓரத்துக்கு ஒரு நூல் அளவு உள்ளே இருக்கட்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. எதையும் இழுக்காமல் ஒரு சாணுக்கு ஒரு ஊசி குத்துங்கள். கீழ் ஓரத்தை மெஷினிலோ கையிலோ தைக்கலாம். மேல் ஓரத்தைக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். சேலையில் ஓரிரு இழையை மட்டும் எடுத்தால் முன்பக்கம் தையல் தெரியாது. பட்டில் இன்னும் கவனம் வேண்டும். பிரித்துத் தைத்தால் ஊசித் துளை நின்றுவிடும்.

முடித்ததும் கரை கீழே தொங்கும்படி கொடியில் போட்டுப் பாருங்கள். கரை சுருங்கினால் ஃபால்ஸ் இறுக்கம். ஃபால்ஸ் தொங்கிப் பை போல நின்றால் ஃபால்ஸ் தளர்வு. அந்த இடத்தை மட்டும் பிரித்து, சமப்படுத்தித் தைத்தால் போதும்.

அந்தத் தாயாரின் சேலையையும் அப்படித்தான் சரிசெய்தோம். பழைய ஃபால்ஸை எடுத்துவிட்டு, நனைத்து உலர்த்திய புதியதை வைத்துக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பருத்தி என்பதால் தழும்பு இல்லாமல் தப்பியது. இந்த முறை வரும் சேலைகளுக்கு இன்றே ஃபால்ஸை ஊறவைத்துவிடுங்கள். நாளை தைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.