பொற்காசின் மாற்றும் அதன் உறையும்

சுப தினங்களில் குன்றிமணித் தங்கமேனும் வாங்க விரும்புவோர், அரசாங்க நாணயச்சாலையில் அச்சிட்ட காசை வாங்குவதா, பழகிய நகைக்கடையின் காசை வாங்குவதா என்று என்னிடம் வினவுவதுண்டு. பொன்னின் மாற்றுப் பார்க்கும் பரிசோதனைச் சாலையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவனாகையால், அந்தச் சாலையின் உலைக்களத்திலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

உருக்கி வார்த்த பொன்னிலிருந்து கால் கிராம் அளவு சீவியெடுத்து, அதனுடன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலாலான சிறு கிண்ணத்தில் வைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உலையிலிட்டால், ஈயமும் செம்பும் பிற கலப்புகளும் காற்றுடன் கூடிக் கிண்ணத்துக்குள் ஊறி மறைய, பொன்னும் வெள்ளியும் கலந்த ஒரு மணி மட்டும் எஞ்சும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துவிடும். மிஞ்சுவதோ, கை பட்டால் நொறுங்கும் பழுப்பு நிறச் சுருள். பொன்னென்று யாரும் நம்பமாட்டாத அந்தச் சுருளை மீண்டும் அனலில் காட்டும்போது, அது தன் மஞ்சள் ஒளியைத் திரும்பப் பெறும் கணத்தை எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுத்ததில்லை. முதலில் எடுத்த எடையையும் இறுதியில் நின்ற எடையையும் ஒப்பிட்டால் மாற்று தெரிந்துவிடும்.

கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி சில நிமிஷங்களில் எண்ணைக் காட்டுவது சௌகரியந்தான். ஆனால் அது காண்பது காசின் மேற்றோலை மாத்திரமே. உள்ளே என்ன இருக்கிறதென்று உலையைத்தான் கேட்கவேண்டும். உலையோ மாதிரியை அழித்தே பதில் சொல்லும். ஆகையால், காசாக அச்சிடுவதற்கு முன்பே வார்ப்பைப் பரீட்சித்தவர் யார், அவர் வாக்குக்குப் பொறுப்பாளி யார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

2015 நவம்பரில் வெளியிடப்பட்ட இந்தியத் தங்க நாணயத்தில் ஒரு புறம் அசோகச் சக்கரமும் மறுபுறம் மகாத்மா காந்தியின் உருவமும் உண்டு. அரசின் நாணயச்சாலையில் 999 மாற்றில் அச்சிட்டு, ஹால்மார்க் முத்திரையும் பெற்று வருவதால், இங்கே பொறுப்பாளி யாரென்பதில் ஐயமில்லை. நகைக்கடைக் காசின் விஷயத்தில் நேயர்கள் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டாய ஹால்மார்க் விதி ஆபரணங்களைப் பற்றியது. காசுகளுக்கும் கட்டிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆதலால் கடையில் வாங்கும் காசில் முத்திரை இருக்குமென்று எண்ணிவிடாமல், பூதக்கண்ணாடியால் பார்த்து, பில்லிலும் மாற்றைக் குறிப்பிடச் சொல்லவேண்டும். 916 என்றிருந்தால் எட்டுக் கிராம் பவுனில் சுத்தப் பொன் சுமார் 7.33 கிராமே.

இனி உறை. ஒரு முறை எங்கள் சாலைக்கு ஓர் அம்மையார், மகளின் கழுத்தில் அணிவிக்க ஆசைப்பட்டு, அரசாங்கக் காசின் அட்டை உறையைக் கத்தரித்து, காசுக்கு வளையம் வைத்து ஊதிய நிலையில் கொண்டுவந்தார். ஊதுவதற்கு இட்ட பொடியில் வேறு உலோகங்கள் உண்டு. காசின் மாற்றும் கெட்டது, எடையும் மாறியது, வாங்கிய இடத்திலேயே அதைப் பழம்பொன்னாகத்தான் மதித்தார்கள். பிரித்தால் தடயம் தெரியும்படி ஒட்டப்பட்ட அந்த உறை, நாணயச்சாலையின் வாக்கை வாங்குபவர் கைவரை கொண்டுவரும் சாதனம். கிழிந்தபின் காசு உத்தரவாதமற்ற ஒரு பொன் துண்டாகிவிடும். கடைக் காசுக்கும் இதுவே நியாயம்.

திரும்ப விற்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு பத்துக் கிராம் காசு வாங்கினால், பொன்னின் விலை ஒரு லட்சம், செய்கூலி நூற்றுக்கு இரண்டென்றால் இரண்டாயிரம், மொத்தத்தின் மேல் மூன்று சதவீத வரி 3,060. ஆக 1,05,060 ரூபாய். மறுநாளே அதே கடை நூற்றுக்கு இரண்டு கழித்து ரொக்கம் தந்தால் கிடைப்பது 98,000. நகையாக மாற்றிக்கொண்டால் சில கடைகள் கழிவின்றி ஏற்பதுண்டு. பிற கடைக்காரரோ உருக்கிப் பார்த்தே விலை சொல்வார். அரசாங்கக் காசைத் திரும்ப வாங்கும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டதுதான், எனினும் அதற்குரிய விற்பனை நிலையம் உங்கள் ஊரில் உண்டா என்று முன்னரே விசாரியுங்கள். வங்கிகள் தாம் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. பிற்பாடு அதே கடையில் நகை செய்ய எண்ணுவோர் கடைக் காசையும், சேமிப்பாகவே வைத்திருக்க விரும்புவோர் அரசாங்கக் காசையும் நாடலாம் என்பது என் அபிப்பிராயம். எதை வாங்கினாலும், திரும்ப வாங்கும் நிபந்தனையைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கி, உறையைப் பிரிக்காமல் பில்லுடன் சேர்த்து வையுங்கள்.