லீவுக்குப் போறவங்க விட்டுட்டுப் போக வேண்டிய ஒரு பக்கம்

தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது. ஒரு முழு வருஷம். அந்த வருஷத்துல அவங்க மேசையில இருந்த உங்க மனு என்ன ஆகும்? பதில், அவங்க கிளம்பும்போது எழுதிக் கொடுக்குற ஒப்படைப்புக் குறிப்பைப் பொறுத்தது.

“தன்பதிவேடு இருக்கே, அதைப் பார்த்தா தெரியாதா?”ன்னு கேட்கலாம். அரசு அலுவலகங்கள்ல ஒவ்வொரு பிரிவு உதவியாளரும் வைத்திருக்கும் பதிவேடு அது. வந்த தாள், அதன் ந.க. எண், எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் பதிவாகும். ஆனால் இருக்கிற கோப்புகள்ல எது இந்த வாரமே கையைக் கடிக்கும்னு புதுசா வந்தவருக்குப் பதிவேட்டிலிருந்து சட்டென்று பிடிபடாது. குறிப்பு அதுக்குத்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வேடசந்தூர் பக்கம் ஒரு தாலுகா அலுவலகம். பிரிவு உதவியாளர் ஜூன் 16 முதல் விடுப்பு. முதல்ல மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டி நாலு பக்கம் எழுதிட்டாங்க. அதில் இப்படி ஒரு வரி:

“அந்த உட்பிரிவு பட்டா கேஸ் இன்னும் முடியல, சர்வேயர்கிட்ட பேசியிருக்கேன், அடுத்த வாரம் வரேன்னார், மனுதாரர் அடிக்கடி வருவார், பார்த்துக்கவும்.”

கொட்டுறது தப்பில்லை, அப்படிக் கொட்டினால்தான் மறந்துபோனதும் வெளியே வரும். தப்பு, அதை அப்படியே கொடுத்துட்டுப் போறதுதான். “அடுத்த வாரம்” எது? எந்தக் கேஸ்? “பார்த்துக்கவும்”னா என்ன செய்யணும்? படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது.

இப்போ வெட்டுவோம். முடிந்த வேலை போகட்டும். பிரிண்டர் அடிக்கடி சிக்குறது, பழைய பதிவேடு எந்த அலமாரியில இருக்குங்கறது தனித் தாளுக்குப் போகட்டும். மனுதாரர் கோபக்காரர்னு எழுதினதும் வேண்டாம்; புதுசா வர்றவர் முன்முடிவோட அவரைப் பார்ப்பார். மிச்சத்துக்கு ஒரே கேள்வி: இதை அவர் ஒரு மாசம் தொடலைன்னா யாருக்காவது ஏதாவது நின்னுபோகுமா? நின்னுபோகும்னா மட்டும் வைக்கலாம். நாலு பக்கம் ஆறேழு விஷயமாகச் சுருங்கிடும்.

பட்டா வரி இப்படி மாறும்:

“உட்பிரிவுடன் பட்டா மாறுதல், மனு எண் (முழுசாக). நில அளவரிடம் அளவைக்காக நிற்கிறது. அளவை நாள் ஜூன் 24. ஜூன் 25 அன்று அறிக்கை வந்ததா எனப் பார்க்கவும். வரவில்லை என்றால் நில அளவரிடம் கேட்டு, புது நாளை மனுதாரருக்குத் தெரிவிக்கவும்.”

எண், இப்போ எங்கே நிற்குது, அடுத்து யார் எந்தத் தேதியில என்ன செய்யணும். ஆதார் எண், பாஸ்வேர்டு எதுவும் அதில் இருக்கக் கூடாது.

இந்த மாதிரி அடுத்தவங்க கையில நிற்கிற கோப்புதான் அதிகமா விட்டுப்போகும். “நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே”ன்னு எழுதாம விட்டுடுவாங்க. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துல கொடுத்து, தாலுகாவுக்கு வந்து, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கைக்குப் போயிருக்கும் மனுவும் அப்படித்தான். மேசையில தாள் இல்லை. கேள்வி மட்டும் இருக்கு.

தகவல் உரிமைச் சட்ட மனு இருந்தா அதை முதல் வரியில் போடணும். மனு வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தகவல் தரணும்னு சட்டமே சொல்லுது. உதவியாளர் லீவுல போனதுக்காகக் கெடு நகராது. ஜூன் 10 வந்திருந்தா ஜூலை 10 கடைசி. “ஆர்.டி.ஐ. ஒண்ணு பெண்டிங்”னு எழுதினா பத்தாது, வந்த தேதியும் கடைசித் தேதியும் ரெண்டும் வேணும்.

ஒரு விஷயத்தைக் குறிப்பால ஒப்படைக்கவே முடியாது: லாகின். அது ஆளுக்கு ஆள் தனி. பொறுப்பேற்கிறவருக்குப் புது ஐடி கேட்டு எழுதியாச்சா, வந்துச்சாங்கறதே ஒரு பெண்டிங் விஷயம். அதை விடுப்புக்கு முந்தின நாள் ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உட்கார வேண்டியதுதான்.

சந்தேகத்துக்கு யாரைக் கேட்கணும்ங்கற இடத்துல லீவுல இருக்கிறவங்க போன் நம்பரை எழுதாதீங்க. பிள்ளை பெத்து படுத்திருக்கிறவங்களுக்கு அலுவலகத்துலேருந்து போன் போகக் கூடாது. கண்காணிப்பு அலுவலர் யாரோ, அவர் பதவியை எழுதணும்.

கடைசி நாள் ரெண்டு பேரும் அரை மணி நேரம் சேர்ந்து உட்காரட்டும். எழுதினவங்க விளக்க வேண்டாம். பொறுப்பேற்கிறவர் ஒவ்வொரு வரியையும் வாசிச்சு, “நான் இந்தத் தேதியில இதைச் செய்வேன்”னு சொல்லட்டும். அவர் திணறுற இடத்துல குறிப்பைத் திருத்தினா போதும்.

உங்க பக்கத்துல, “அந்த மேடம் லீவுல இருக்காங்க”ன்னு கவுண்டர்ல சொன்னா, கிளம்பிடாதீங்க. போன்ல இருக்கிற மனு எண்ணைக் காட்டி, “அவங்க பொறுப்பை யார் பார்க்குறாங்க, இது இப்போ யார்கிட்ட நிற்குது?”ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க.