மாறிலியை மாறியாக்கிப் பார்ப்போம்



சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள்:

∫₀¹ (x² − 1)/ln x dx

பிரதியிட்டுப் பார்த்தேன், பகுதித் தொகையிடலும் செய்து பார்த்தேன். பகுதியில் உள்ள மடக்கை நகரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று அனுப்பிவிட்டேன். இரவில்தான் வழி கிடைத்தது.

அடுக்கில் உள்ள 2-க்குப் பதில் a என்ற துணையலகை வைப்போம். இப்போது இந்தத் தொகை a-யின் சார்பு, I(a) என்போம். தொகைக்குறிக்கு உள்ளேயே a-யைப் பொறுத்து வகையிட்டால் xᵃ என்பது xᵃ ln x ஆகும். புதிதாக வந்த ln x, பகுதியில் உள்ளதை நீக்கிவிடும்.

I′(a) = ∫₀¹ xᵃ dx = 1/(a+1)

மீண்டும் தொகையிட, I(a) = ln(a+1) + C. இந்த C-யை மறந்துவிடக் கூடாது. a = 0 எனில் தொகுதி பூச்சியம்; ஆகவே I(0) = 0, C = 0. a = 2 எனில் விடை ln 3, ஏறத்தாழ 1.0986.

துணையலகை எங்கே வைப்பது? வகையிட்டால் தொல்லை தரும் உறுப்பு நீங்கும் இடத்தில். ஓர் எல்லையும் உண்டு: a > −1 ஆக வேண்டும். a = −1 எனில், 0-க்கு அருகே 1/x-இன் பரப்பு முடிவிலியாகிவிடும்.

மறுநாள் அவள், "சரியான விடைதான்னு எப்படி சார் தெரியும்?" என்றாள். வரைபடம் வரைந்தோம். சார்பின் மதிப்பு, 0-க்கு அருகே 0, 1/2-இல் 1.08; 1-க்கு அருகே 2. சராசரி உயரம் 1.1 அளவில் இருப்பதை அவளே கண்டுகொண்டாள்.