மாடி வாடகையும் ஆண்டுக் கணக்கும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகையை நம்பிப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையோ சீட்டுப் பணத்தையோ திட்டமிடுகிறோம். அதில் எவ்வளவு நம் கையில் நிற்கும் என்பதை இன்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆசிரியைக்கு 2025-26 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 12,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் புதிய வரி முறையில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக, வருமானம் 11,75,000. இந்த முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் அவருக்கு வரி இல்லை. அலுவலகத்திலும் வரி பிடிக்கவில்லை.

அவருடைய மாடிக்கு மாத வாடகை 8,000, ஆண்டுக்கு 96,000. இது முழுவதும் வரிக்குரிய வருமானம் ஆகாது. முதலில் அந்தப் பகுதிக்கு அவர் அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரி 2,400 ரூபாயைக் கழிக்கலாம். கட்டாமல் பாக்கி வைத்திருந்தால் கழிக்க முடியாது. மீதி 93,600-இல் 30 விழுக்காடு, அதாவது 28,080 ரூபாய், பராமரிப்புக்கென்று கழியும். இதற்கு ரசீது எதுவும் வேண்டாம். ஆனால் வெள்ளையடித்த செலவு, மோட்டார் பழுது என்று வேறெதையும் தனியாகக் கழிக்கவும் முடியாது. ஆக, வரிக்குரிய வாடகை வருமானம் 65,520 ரூபாய். குடிவந்தபோது வாங்கிய அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம். அது இந்தக் கணக்கில் வராது.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். 11,75,000-உடன் 65,520 சேர்ந்தால் 12,40,520. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது; தள்ளுபடி போய்விட்டது. வழக்கமான விகிதப்படி வரி 66,078 வருகிறது. நல்லவேளையாக, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருக்கிறது. தாண்டியது 40,520, அதுவே வரி. அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் வரி சேர்த்தால் 42,140 ரூபாய்.

வாடகை 96,000-இல் இந்த வரியும் சொத்து வரியும் போக மிஞ்சுவது 51,460; மாதத்துக்கு ஏறத்தாழ 4,300 ரூபாய்தான். எட்டாயிரத்தை நம்பி மாதத் தவணை எடுத்தவருக்கு மாதம் 3,700 ரூபாய் துண்டு விழும். சம்பளம் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி இருப்பவர்களுக்கே இந்த இடி. சம்பளம் எட்டு லட்சமாக இருக்கும் ஆசிரியருக்கு இதே வாடகையால் ஒரு ரூபாய் வரியும் வராது.

மாடியைக் கட்டக் கடன் வாங்கியிருந்தால் கணக்கு மாறும். வாடகைக்கு விட்ட பகுதிக்கான கடன் வட்டியைப் புதிய முறையிலும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் அந்த வருமானம் பூச்சியமாகும் வரைதான், சம்பளத்தில் கழிக்க முடியாது. நம் ஆசிரியை ஆண்டுக்கு 45,000 வட்டி கட்டியிருந்தால் வாடகை வருமானம் 20,520 ஆகக் குறையும். மொத்தம் 11,95,520, வரி இல்லை. எனவே வங்கியில் வட்டிச் சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். அசலைத் திருப்பிக் கட்டியது இதில் சேராது.

சிலர் வீடு தம் பெயரில் இருக்க, வாடகையை மட்டும் மனைவி அல்லது கணவரின் வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். அதனால் பயனில்லை. பணம் எங்கே போனாலும், வீட்டின் உரிமையாளருக்கே அது வருமானம்.

பலர் தவறுவது எங்கே தெரியுமா? வருமான வரிக் கணக்கீட்டுப் படிவத்தில் சம்பளத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வாடகை நினைவுக்கு வருவது ஜூலையில், கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான். பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை அந்த ஆண்டுக்குள்ளேயே முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் ஜூலைக்குத் தள்ளினால் நம் ஆசிரியைக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 3,800 ரூபாய் ஆகும்.

ஆண்டின் தொடக்கத்திலேயே வாடகை வருமானத்தையும் சம்பளம் வழங்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், மாதந்தோறும் 3,500 ரூபாய் அளவில் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வீட்டு வரவுசெலவு நோட்டில் வாடகை வரவை 4,300 என்றே எழுதுங்கள். அகவிலைப்படி உயரும்போதும் ஊதிய உயர்வு வரும்போதும் இந்தக் கூட்டலை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.